பாஸ்போர்ட் படத்துக்கு விலை போடுவது எப்படி?
காப்பிக் கணக்கும் அவசரக் கட்டணமும்

நமது சங்கத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் உறுப்பினர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆட்டையாம்பட்டி போன்ற ஊரில் முறுக்குக் கடைகளும் ஜவுளிக் கடைகளும் பளிச்சென்று கண்ணில் படுகின்ற அளவுக்கு ஸ்டுடியோக்கள் கண்ணில் படுவதில்லை. ஆயினும் மனைப் பட்டா முதல் மருத்துவப் படிப்பு விண்ணப்பம் வரை எதற்குப் போனாலும் மக்கள் முதலில் ஏறும் படி ஸ்டுடியோ படிதான். அப்படி ஆள் வந்துகொண்டே இருந்தும், மாதக் கடைசியில் கல்லாவில் ஒன்றும் தங்குவதில்லை என்று ஸ்டுடியோக்காரர்கள் குறைப்படுகிறார்கள். சேலம், நாமக்கல் பக்கத்து ஸ்டுடியோக்களுக்குப் பேப்பரும் மையும் மொத்தமாகப் போடுகிறவன் என்ற முறையில், இந்தக் குறைக்கு நான் கண்ட காரணத்தை இங்கே எழுதுகிறேன். காரணம் பெரும்பாலும் விலைப் பலகையிலேயே இருக்கிறது.

பல ஸ்டுடியோக்களில் விலைப் பலகை இப்படித்தான் இருக்கும்: 4 காப்பி இவ்வளவு, 8 காப்பி அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 16 காப்பி மேலும் இரண்டு மடங்கு. அதாவது காப்பிக்குத்தான் விலை. இது பிலிம் காலத்திலிருந்து வந்த பழக்கம். அக்காலத்தில் ஒவ்வொரு காப்பிக்கும் தனியாகப் பேப்பர் வெட்டி, என்லார்ஜரில் வெளிச்சம் காட்டி, மருந்துத் தட்டில் போட்டு எடுக்க வேண்டியிருந்தது. காப்பி கூடினால் வேலையும் கூடியது. ஆகவே விலை கூடியது நியாயம். இன்று நிலைமை அதுவல்ல. நாம் விற்பது காப்பி என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரை கணக்கு சரியாக வராது.

தாள்தான் அளவு

நம் நாட்டில் வழக்கத்திலுள்ள பாஸ்போர்ட் படத்தின் அளவு 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம். நாம் பிரிண்ட் போடும் 4 x 6 அங்குலத் தாள் மில்லிமீட்டரில் 102 x 152. நீளவாக்கில் நான்கு படம் வைத்தால் 140 மில்லிமீட்டர். குறுக்குவாக்கில் இரண்டு வைத்தால் 90. இரு பக்கமும் 12 மில்லிமீட்டர் மிஞ்சும். அது வெட்டுவதற்கும் ஓரத்துக்கும் போதும். ஆக ஒரு தாளுக்கு எட்டுப் படம். ஒன்பதாவது படம் எப்படித் திருப்பி வைத்தாலும் இந்தத் தாளில் அடங்காது.

இப்போது பிரிண்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஸ்டுடியோக்களில் உள்ள ‘டை சப்ளிமேஷன்’ பிரிண்டரில் மை திரவமாக இருப்பதில்லை. ஒரு ரிப்பனில் மஞ்சள், மெஜந்தா, சயான் ஆகிய மூன்று நிறப்பட்டைகளும், மேலே பூசும் ஒரு காப்புப் பட்டையும் வரிசையாக இருக்கும். ஒரு தாள் உள்ளே போனால் இந்த நான்கு பட்டையும் ஒரு தடவை முழுதாகச் செலவாகிவிடும். தாளில் எட்டு முகம் இருந்தாலும், ஒரே முகம் இருந்து மீதி வெள்ளையாக இருந்தாலும் செலவு ஒன்றுதான். ரிப்பனும் பேப்பரும் ஒன்றாகவே தீரும்படி அளந்து கொடுக்கப்படுகின்றன. மை பீய்ச்சும் ‘இங்க்ஜெட்’ பிரிண்டரில் வெள்ளை இடத்துக்கு மை செலவாகாது என்பது உண்மை. ஆனால் தாள் தாளாகவே செலவாகும்.

மூட்டை பிரித்து விற்கும் நம் வணிகர்களுக்கு இது எளிதில் விளங்கும். அரை மூட்டை கேட்டவருக்குப் பிரித்துக் கொடுத்தால் மீதி அரை மூட்டை நாளை விலைபோகும். ஆனால் பாதித் தாளில் ஒருவர் முகத்தை அடித்துவிட்டு மீதிப் பாதியை நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது. நான்கு காப்பி என்று விற்பது, முழு மூட்டையைப் பிரித்துப் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைத் தெருவில் கொட்டுவது போன்றது.

செலவு எங்கே போகிறது?

சரி, தாள் வீணாவதுதான் நட்டத்துக்குக் காரணமா என்றால், அதுவும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். கீழே உள்ளவை உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள். அவரவர் கடைத் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

கடைவீதியில் ஒரு ஸ்டுடியோ. மாத வாடகை ரூ. 6,000. மின்சாரம் ரூ. 1,500. உதவிக்கு ஒரு பையன், சம்பளம் ரூ. 10,000. கேமரா, விளக்கு, கம்ப்யூட்டர், பிரிண்டர் ஆகியவற்றின் தேய்மானம் ரூ. 2,500. முதலாளியின் சொந்தச் சம்பளம் ரூ. 15,000. இந்தக் கடைசித் தொகையைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மிஞ்சினால் நமக்கு என்று விட்டுவிடுகிறார்கள். வெளியில் வேறு கடையில் வேலைக்குப் போனால் கிடைக்கும் சம்பளத்தைச் சேர்க்காமல் போடும் கணக்கு கணக்கே அல்ல. மொத்தம் ரூ. 35,000. மாதம் 26 நாள் கடை என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ரூ. 1,350.

கடை பத்து மணி நேரம் திறந்திருக்கிறது. ஆனால் அதில் உண்மையாக வேலை நடக்கும் நேரம் பாதி, அதாவது 300 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ரூ. 1,350-ஐ 300 ஆல் வகுத்தால் ஒரு நிமிட வேலைக்கு ரூ. 4.50 அடக்கம்.

இனி ஒரு பாஸ்போர்ட் படம். ஆள் வந்து தலை வாரி, சட்டைக் காலரைச் சரிசெய்து, உட்கார வைத்து மூன்று தடவை எடுக்க 4 நிமிடம். கம்ப்யூட்டரில் ஏற்றி, அளவு வெட்டி, பின்னணியைச் சரிசெய்ய 4 நிமிடம். பிரிண்ட் போட்டுக் கவரில் எழுதிக் கொடுக்க 2 நிமிடம். எட்டுப் படத்தை வெட்ட 2 நிமிடம். ஆக 12 நிமிடம், அதற்கு ரூ. 54. தாள் ரிப்பனோடு சேர்த்து, நாம் கட்டும் வரியும் உட்பட, ரூ. 8. கவர் ரூ. 2. இருபதில் ஒரு படம் அலுவலகத்தில் திருப்பி அனுப்பப்பட்டு மறுபடி இலவசமாக எடுத்துத் தர நேரும். அதற்காகத் தலைக்கு ரூ. 3. மொத்தம் ரூ. 67.

இந்த ரூ. 67-இல் தாளின் பங்கு ரூ. 8 மட்டுமே. மீதியில் பெரும் பகுதி நேரம். படம் எடுக்கும் வேலை, அதாவது ஆளை உட்கார வைப்பதும் கம்ப்யூட்டர் வேலையும்தான் உண்மையான சரக்கு. அது நான்கு காப்பிக்கும் ஒன்றுதான், பதினாறு காப்பிக்கும் ஒன்றுதான்.

நான்கு காப்பி மட்டும் கொடுத்தால் என்ன அடக்கம்? வெட்டுவதில் ஒரு நிமிடம் மிச்சம். அவ்வளவுதான். ரூ. 62.50 ஆகிறது. பதினாறு காப்பிக்கு? இன்னொரு தாள் ரூ. 8, அதைப் பிரிண்ட் போட்டு வெட்ட 2 நிமிடம், ரூ. 9. ஆக ரூ. 84.

காகிதமே வேண்டாம், படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணைய விண்ணப்பம் போன்றவற்றில் படத்தை இத்தனை கே.பி. என்று அளவு பார்த்து ஏற்ற வேண்டியிருப்பதே காரணம். அவருக்கும் எடுப்பதற்கு 4 நிமிடம், கம்ப்யூட்டரில் 4 நிமிடம், கே.பி. குறைத்து அனுப்ப 2 நிமிடம். பத்து நிமிடம் ரூ. 45, திரும்பி வரும் படத்துக்கு ரூ. 3. ஆக ரூ. 48. காகிதம் கொடுக்கவில்லையே என்று இதை ரூ. 20-க்குக் கொடுத்து அனுப்புகிற ஸ்டுடியோக்கள் உண்டு.

பழைய பலகையும் புதிய பலகையும்

காப்பிக்கு விலை போட்ட பழைய பலகை இப்படி இருப்பதாகக் கொள்வோம்: 4 காப்பி ரூ. 50, 8 காப்பி ரூ. 80, 16 காப்பி ரூ. 150, வாட்ஸ்அப் மட்டும் ரூ. 20. மேலே கண்ட அடக்கத்தோடு ஒப்பிட்டால், நான்கு காப்பிக்காரரிடம் ரூ. 12.50 நட்டம். எட்டுக் காப்பிக்காரரிடம் ரூ. 13 லாபம். பதினாறு காப்பிக்காரரிடம் ரூ. 66 லாபம். வாட்ஸ்அப்காரரிடம் ரூ. 28 நட்டம்.

பலகையைப் பார்க்கிற வாடிக்கைக்காரர் எதைக் கேட்பார்? தேவை இரண்டு காப்பி. ஆகவே நான்கு போதும் என்பார். அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டு எதிரிலுள்ள கடையில் பிரிண்ட் எடுத்துக்கொள்வார். நமக்கு நட்டம் வருகிற இரண்டையும் மலிவாகவும், லாபம் வருகிற ஒன்றை எட்டாத விலையிலும் நாமே எழுதி மாட்டியிருக்கிறோம். அவரைக் குறை சொல்ல வழியில்லை.

மாதம் 225 பேர் வருவதாகவும், அவர்களில் 100 பேர் நான்கு காப்பி, 60 பேர் எட்டு, 5 பேர் பதினாறு, 60 பேர் வாட்ஸ்அப் என்றும் வைத்துக்கொண்டால், பழைய பலகைப்படி வரவு ரூ. 11,750. அடக்கத்தோடு பார்த்தால் ரூ. 1,820 கையை விட்டுப் போகிறது.

இப்போது பலகையைத் திருப்பி எழுதுவோம். படம் எடுக்கும் கட்டணத்தோடு 8 காப்பி ரூ. 90. அடுத்த ஒவ்வொரு எட்டுக்கும் ரூ. 30. ஆக 16 காப்பி ரூ. 120. வாட்ஸ்அப் மட்டும் ரூ. 70. எட்டுக் காப்பியும் வாட்ஸ்அப்பும் சேர்த்து ரூ. 100. நான்கு காப்பி என்ற வரியே பலகையில் வேண்டாம்.

“எனக்கு நாலு காப்பிதானுங்களே வேணும், தொண்ணூறு ரூபாயா?” என்று கேட்பவர் வருவார். அவரிடம் நான்கை எண்பதுக்குத் தரத் தயார் என்று சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு இன்னும் நான்கு கிடைக்கிறது என்று அவரே எட்டை வாங்குவார். அந்த நான்கு கூடுதல் காப்பி நமக்கு ரூ. 4.50 தான் பிடிக்கிறது. வாங்குபவருக்கும் திருப்தி, கொடுப்பவருக்கும் மிச்சம். சேர்த்துக் கொடுக்கும் விலையின் பயன் இதுதான்: கூடுதலாகக் கொடுக்கும் பொருள் நமக்கு மலிவாகவும் அவருக்கு மதிப்பாகவும் இருக்க வேண்டும்.

புதிய பலகைப்படி அந்த 225 பேரிடமும் வரவு ரூ. 19,200. விலையைக் கண்டு நாலில் ஒரு பங்கு பேர் போய்விட்டார்கள் என்றே கொள்ளுங்கள். அப்போதும் வரவு ரூ. 14,400. பழைய வரவைவிட அதிகம், வேலையும் குறைவு. நாலில் ஒருவருக்கு மேல் போனால் மட்டும் யோசிக்க வேண்டும். இதைத்தான் பலகை மாற்றிய முதல் இரண்டு மாதம் நோட்டில் குறித்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள். “எட்டுக் காப்பி கொடுத்துவிட்டால் அவர் ஒரு வருடத்துக்கு நம் கடைப் பக்கமே வரமாட்டாரே, நான்கு கொடுத்தால் மறுபடி வருவார்” என்பது. கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். ஆனால் நட்டத்தில் விற்று மறுபடி நட்டத்தில் விற்பதால் என்ன பயன்? தவிர, ஆறு மாதத்துக்குள் எடுத்த படம் வேண்டும் என்று பல விண்ணப்பங்கள் கேட்கின்றன. பழைய காப்பி பெட்டியில் கிடந்தாலும் புதிதாக எடுக்க அவர் வரத்தான் வேண்டும்.

மறுபடி காப்பி மட்டும் கேட்டு வருபவரை வரவேற்க வேண்டும். நெகடிவ் காலத்தில் கவரின் மேல் நெகடிவ் எண்ணை எழுதிக் கொடுப்போம். அந்தக் கவரைக் கொண்டுவந்தால் உடனே எடுத்துவிடலாம். இன்று கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறது என்ற தைரியத்தில் எண் போடுவதை விட்டுவிட்டார்கள். ஆள் வந்து “போன தை மாசம் எடுத்தனுங்க” என்றால் பதினைந்து நிமிடம் தேட வேண்டியிருக்கிறது. கவரில் தேதியும் எண்ணும் இருந்தால் தேடி, பிரிண்ட் போட்டு, வெட்டிக் கொடுக்க 5 நிமிடம்; தாளும் கவரும் சேர்த்து அடக்கம் ரூ. 32.50. எட்டுக் காப்பிக்கு ரூ. 50 வாங்கினால் ரூ. 17.50 நிற்கும். நிமிடக் கணக்கில் பார்த்தால் புதிதாகப் படம் எடுப்பதைவிட இதுவே நல்ல வரவு. ஒரு எண் எழுதும் நேரம்தான் இதற்கு முதல்.

குடும்பமாக வருபவர்கள் சலுகை கேட்பார்கள். இங்கே கவனம் வேண்டும். நால்வர் வந்தால் நால்வரையும் தனித்தனியே உட்கார வைத்துத்தான் எடுக்க வேண்டும். நேரம் குறைவதில்லை; குழந்தை இருந்தால் கூடும். மிச்சமாவது தாள் மட்டும். தலைக்கு நான்கு காப்பி போதும் என்றால் இரண்டே தாளில் நால்வரையும் அடக்கலாம். இரண்டு தாள், ரூ. 16 மிச்சம். ஆகவே மொத்தத்தில் இருபது ரூபாய் குறைத்துக் கொடுப்பது நியாயம். பாதி விலைக்குக் கொடுப்பது நியாயமல்ல.

அவசரம் என்றால் என்ன?

அடுத்தது அவசரக் கட்டணம். பிலிம் காலத்தில் இதற்குத் தெளிவான அடக்கம் இருந்தது. 36 படம் எடுக்கும் ரோலில் பத்துப் படம்தான் ஆகியிருக்கும். ஒருவர் அவசரம் என்றால் ரோலை அங்கேயே வெட்டிக் கழுவ வேண்டும். மீதி பிலிம் வீண். கலர் படம் என்றால் பையனைப் பேருந்தேற்றிச் சேலத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மடங்கு வாங்கினாலும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

இன்று சாதாரண வேலையே 12 நிமிடம்தான். கடையில் வேறு வேலை இல்லாத நேரத்தில் வந்தவருக்கு அதே 12 நிமிடத்தில் கொடுத்துவிட்டு ‘அர்ஜென்ட்’ என்று கூடுதலாக வாங்கினால், அவர் வெளியே போய்ச் சொல்வது நமக்கு நல்லதல்ல. சில இடங்களில், காப்பியை வேண்டுமென்றே மாலைக்குத் தள்ளி வைத்து, இப்போதே வேண்டுமானால் கூடுதல் என்கிறார்கள். இதுவும் நிலைக்காது. ராசிபுரத்துக்கோ திருச்செங்கோட்டுக்கோ வேலையாகப் போகும் ஆள் அங்கேயே எடுத்துக்கொள்வார்.

இன்னொரு பழக்கம், இரண்டு நான்கு காப்பிக்காரர்களை ஒரே தாளில் சேர்ப்பதற்காக முதலில் வந்தவரைக் காத்திருக்கச் சொல்வது. இதில் மிச்சமாவது தலைக்கு ரூ. 4. ஆனால் அவர் திரும்பி வரும்போது கவரைத் தேடி எடுத்துக் கொடுக்க 2 நிமிடம், ரூ. 9. நான்கு ரூபாய் மிச்சம் பிடிக்க ஒன்பது ரூபாய் செலவு. வாடிக்கைக்காரருக்கு இரண்டாவது நடை வேறு.

அப்படியானால் அவசரக் கட்டணமே கூடாதா? கூடும். ஆனால் அவசரம் யாருடையது என்று பார்க்கக் கூடாது. அதனால் நமக்கு எந்த வேலை நின்றது என்று பார்க்க வேண்டும். மூன்று சந்தர்ப்பங்களில் உண்மையாகவே செலவு உண்டு.

முதலாவது, கல்யாண ஆல்பம் வேலை கம்ப்யூட்டரில் நடந்துகொண்டிருக்கும்போது அதை நிறுத்தி இவருக்கு முதலில் செய்வது. இவருடைய 12 நிமிடத்துக்கு இவர் பணம் கொடுக்கிறார். ஆனால் நிறுத்திய வேலையை எங்கே விட்டோம் என்று பார்த்து மறுபடி தொடங்க 8 நிமிடம் போகிறது. அது ரூ. 36. ஆகவே ரூ. 40 கூடுதலாக வாங்கலாம்.

இரண்டாவது, பிரிண்டரில் பெரிய அளவுப் பேப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது ரோலை மாற்றுவது. ரோல் பிரிண்டரில் பேப்பரை மாற்றிப் போட்டால் தொடக்கத்தில் சில தாள் வீணாக வெட்டுப்படும். திரும்பப் பழைய ரோலைப் போடும்போதும் அப்படியே. இந்தச் சந்தர்ப்பத்தில் ரூ. 40 போதாது. வீணாகும் தாளை எண்ணி, தாளுக்கு ரூ. 8 வீதம் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அரை மணி நேரம் பொறுக்கச் சொல்வதே இருவருக்கும் நல்லதாக இருக்கும்.

மூன்றாவது, கடை மூடிய பிறகு வீட்டுக்கு வந்து கூப்பிடுவது. வந்து திறந்து, விளக்கும் கம்ப்யூட்டரும் போட்டு, மறுபடி மூடிப் போக அரை மணி நேரம். ரூ. 135. இதற்கு ரூ. 150 என்று பலகையிலேயே எழுதிவிடலாம். எழுதியிருந்தால் பேரம் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. துக்க வீட்டிலிருந்து படம் பெரிதாக்க வருபவர்களிடம் இதை வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்வது நம் பக்கத்து ஊர்களில் நல்ல வழக்கம். அதை மாற்ற வேண்டாம்.

அவசரக் கட்டணம் வாங்கினால் நேரம் சொல்ல வேண்டும். “உடனே” என்று சொல்லாமல் “இருபது நிமிடத்தில்” என்று சொல்லிக் கவரில் மணியை எழுத வேண்டும். மணி தவறினால் அந்த ரூ. 40-ஐ அவர் கேட்காமலே திருப்பித் தர வேண்டும். திருப்பித் தர மனம் வராது என்றால் வாங்காமலிருப்பதே நல்லது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. தேர்வு விண்ணப்பக் கடைசி நாளில் வருகிறவர்கள் எல்லாருமே அவசரக்காரர்கள். எல்லாரிடமும் அவசரக் கட்டணம் வாங்கினால் யாரை முந்தவைப்பது? முந்த முடியாத வரிசையில் முந்தும் கட்டணம் வாங்குவது பொருந்தாது. அந்த நாட்களில் அவசரம் என்ற வரியையே பலகையில் மறைத்துவிட்டு, வந்த வரிசைப்படி எண் கொடுத்துச் செய்வதே முறை. ஆல்பம் வேலையை அன்று எடுக்கக் கூடாது.

அவசரக் கட்டணம் சரியாக இருக்கிறதா என்று நோட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் அதைக் கொடுக்கிறார் என்றால், நம் சாதாரண வேலையை நாமே தேவையின்றித் தாமதமாக்கியிருக்கிறோம். மாதம் முழுவதும் ஒருவரும் கொடுக்கவில்லை என்றால், கேட்பவருக்கெல்லாம் கையிலுள்ள வேலையை இலவசமாக நிறுத்திக்கொண்டிருக்கிறோம்.

திரும்பி வரும் படம்

மேலே கணக்கில் இருபதில் ஒன்று திரும்பி வரும் என்று வைத்தோம். அதுவே ஐந்தில் ஒன்றானால் தலைக்கு ரூ. 3 என்பது ரூ. 13 ஆகிவிடும். லாபத்தில் ஏறக்குறைய பாதி அங்கேயே போய்விடும். ஆகவே ஆளை உட்கார வைப்பதற்கு முன் “எதுக்குங்க படம்?” என்று கேட்பது மரியாதைக்காக அல்ல, கணக்குக்காக.

அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலச் சதுரப் படம், வெள்ளைப் பின்னணியில் வேண்டும். ஒரு 4 x 6 தாளில் ஓரத்தோடு ஓரம் ஒட்டி வைத்தாலும் ஆறுதான் அடங்கும். தலையின் அளவும் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும்; அதைப் பார்க்க நேரம் கூடும். எட்டுக் காப்பி விலைக்கு இதைச் செய்யக் கூடாது. தனி வரியாக எழுத வேண்டும். 2024-ஆம் ஆண்டு நீட் தேர்வுக்குப் போன மாணவர்கள் பாஸ்போர்ட் அளவுப் படத்தோடு 4 x 6 அஞ்சலட்டை அளவுப் படமும் கொண்டுபோக வேண்டியிருந்தது. அது முழுத் தாளையும் ஒரே முகமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் உட்காருவது ஒரு தடவைதான். ஆகவே எட்டுக் காப்பி ரூ. 90-க்கு மேல் ரூ. 30 வாங்கினால் போதும். இரண்டும் வேண்டும் என்று முதலிலேயே கேட்டு அறிந்தால் அவருக்கும் ஒரு நடை மிச்சம்.

“பாஸ்போர்ட் எடுக்கத்தானுங்க” என்று ஒருவர் சொன்னால், உண்மையைச் சொல்லி அனுப்புங்கள். பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் பெரியவர்களுக்கு அங்கேயே கேமராவில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணிப் படம் கொண்டுபோக வேண்டும். பெயர் பாஸ்போர்ட் படம் என்று நிலைத்துவிட்டாலும் பாஸ்போர்ட்டுக்கே அது வேண்டாத காலம் இது. தொண்ணூறு ரூபாயை இன்று விட்டால், இந்தக் கடையில் தேவையில்லாததை விற்கமாட்டார்கள் என்ற பெயர் கிடைக்கும்.

போன் படம் பிரிண்ட் போடுதல்

தம் போனிலுள்ள படங்களைப் பிரிண்ட் போட வருபவருக்கு உட்காரும் கட்டணம் இல்லை. இங்கே முதல் பிரிண்டுக்கும் மற்றவற்றுக்கும் அடக்கம் வேறு. படத்தை வாங்கி, எது என்று கேட்டு, அளவு வெட்ட 5 நிமிடம், ரூ. 22.50. அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடமும் தாளும், ரூ. 10.25. ஒரே பிரிண்ட் கேட்பவருக்கு அடக்கம் ஏறக்குறைய ரூ. 33. ஐம்பது கேட்பவருக்கு ஒன்றுக்கு ரூ. 10.70. எல்லாருக்கும் ஒரே விலை ரூ. 20 என்று வைத்தால், ஒன்று கேட்பவரிடம் நட்டம். ஐம்பது கேட்பவர் விலை அதிகம் என்று சேலத்துக்குப் போய்விடுவார். முதல் பிரிண்ட் ரூ. 40, அடுத்தவை ரூ. 15, இருபதுக்கு மேல் ரூ. 12 என்று எழுதினால் இருவருக்கும் பொருந்தும்.

எதிர்க் கடையில் போன் படத்தை எட்டுக் காப்பி ஐம்பது ரூபாய்க்குப் போடுகிறார்களே என்றால், இந்த வேலையில் அவரோடு போட்டி போடலாம். ஆள் படத்தைக் கொண்டுவந்தால் ரூ. 50-க்கு நாமும் போட்டுக் கொடுக்கலாம். பதினேழு ரூபாய் நிற்கும். ஆனால் அவரைப் பார்த்து உட்கார வைத்து எடுக்கும் விலையைக் குறைக்கக் கூடாது. அந்தக் கடையில் விளக்கும் இல்லை, பின்னணித் திரையும் இல்லை. நமக்கு இவற்றுக்கு வாடகையும் தேய்மானமும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. இந்த நிமிட அடக்கம் 300 நிமிட வேலை நடக்கும் கடைக்கு. வேலை 150 நிமிடம்தான் என்றால் அடக்கம் இரட்டிப்பாகும். அதற்காக விலையை இரட்டிப்பாக்கினால் வருகிறவரும் நின்றுவிடுவார். அப்போது குறை பலகையில் இல்லை. வேறு வேலை தேடிச் சேர்க்க வேண்டும் என்று பொருள். இரண்டாவது, சேவைத் தொழிலில் ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்துக்கு உட்பட்டு ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதவர்கள், பில்லில் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. பேப்பருக்கு நாம் கட்டிய வரி தாளின் அடக்கத்திலேயே சேர்ந்துவிட்டது.

ஸ்டுடியோ நடத்தும் உறுப்பினர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு மாதத்துக்கு வந்தவர் ஒவ்வொருவருக்கும் நான்கு விவரம் மட்டும் குறியுங்கள்: எதற்குப் படம், எத்தனை காப்பி அல்லது வாட்ஸ்அப், உள்ளே வந்து வெளியே போக எத்தனை நிமிடம், எவ்வளவு வாங்கினோம். மாதக் கடைசியில் உங்கள் நிமிட அடக்கத்தைப் போட்டுப் பாருங்கள். எந்த வரியில் பணம் ஒழுகுகிறது என்று அந்த நோட்டே காட்டும். அதன் பிறகு பெயிண்டரைக் கூப்பிட்டுப் பலகையை மாற்றி எழுதலாம்.